‘ஆனா’ போடாத வாழ்த்து

பதவி உயர்வுப் பட்டியல் இப்போதெல்லாம் நோட்டீஸ் போர்டுக்கு வருவதற்கு முன்பே செல்போனுக்கு வந்துவிடுகிறது. எழுதியவர்கள் முதலில் தேடுவது தங்கள் பெயரை. அடுத்து தேடுவது பக்கத்து சீட்டுக்காரர் பெயரை. பத்து நிமிஷத்தில் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப் கைதட்டல் படங்களாலும் பூங்கொத்துகளாலும் நிரம்பிவிடும்.

அந்த முப்பது நாற்பது வாழ்த்துகளில் எது யார் போட்டது என்று மறுநாள் யாருக்கும் ஞாபகம் இருக்காது. நேரில் வந்து ஒருவர் சொன்ன ஒரு வாக்கியம் மட்டும் வருஷக்கணக்கில் நிற்கும். அது இனித்தாலும் நிற்கும், சுருக்கென்று தைத்தாலும் நிற்கும். தைத்த வாக்கியத்தைச் சொன்னவருக்கு, தான் அப்படிச் சொன்னதே பெரும்பாலும் தெரிந்திருக்காது.

பக்கத்து கவுன்டர்

சின்ன ஊர் ஒன்றில் இருக்கும் பொதுத்துறை வங்கிக் கிளையை வைத்துப் பார்க்கலாம். மொத்தம் ஏழு பேர். கேஷ் கவுன்டரில் இருப்பவருக்கு வயது 52, சர்வீஸ் 26 வருஷம். பக்கத்து கவுன்டரில் இருக்கும் பெண்ணுக்கு வயது 34, சேர்ந்து 9 வருஷம். இருவருமே கிளார்க். இந்த வருஷம் இருவருமே ஆபீசர் பதவி உயர்வுக்குத் தேர்வு எழுதினார்கள். பட்டியலில் வந்தது இளையவரின் பெயர் மட்டும்.

வங்கியில் கிளார்க்கிலிருந்து ஆபீசர் ஆவது சின்ன விஷயமல்ல. வங்கிக்கு வங்கி விதிகள் மாறும் என்றாலும், எழுத்துத் தேர்வு, இன்டர்வியூ, சர்வீஸ் வருஷம், ஜேஏஐஐபி போன்ற தொழில் தேர்வுகளில் பெற்ற தேர்ச்சி என்று பல படிகள் இதில் உண்டு. தேறியவருக்குச் சம்பளம் கூடும், பொறுப்பும் கூடும். அதோடு ஊர் மாறும். ஆபீசரை மாநிலம் விட்டு மாநிலம்கூட மாற்றலாம் என்பதால், தகுதி இருந்தும் விண்ணப்பமே போடாத கிளார்க்குகள் நிறைய உண்டு. அதையெல்லாம் யோசித்து, வீட்டில் பேசி, படித்து எழுதித்தான் அந்தப் பெண் தேறியிருக்கிறார்.

இப்போது கேஷ் கவுன்டர்காரர் அவரை வாழ்த்த வேண்டும்.

அவருக்கு உள்ளே எரியத்தான் செய்யும். அமெரிக்க உளவியலாளர் ஏப்ரஹாம் டெஸ்ஸர் இதற்கு 1980-களில் ஒரு விளக்கம் சொன்னார். அடுத்தவர் வெற்றி நம்மை உறுத்த இரண்டு விஷயங்கள் சேர வேண்டும். ஒன்று, அவர் நமக்கு நெருக்கமானவராக இருப்பது. இன்னொன்று, அவர் ஜெயித்த விஷயம் நாமும் ஆசைப்பட்ட விஷயமாக இருப்பது. சினிமா நடிகருக்கு விருது கிடைத்தால் யாருக்கும் தூக்கம் கெடாது. தம்பி நன்றாகப் பாடினால் பாட்டே தெரியாத அண்ணன் ஊரெல்லாம் பெருமை பேசுவார். பக்கத்து கவுன்டரில், அதே தேர்வை எழுதியவருக்குக் கிடைத்தால்தான் வயிறு எரியும்.

ஆகவே எரிச்சல் வந்ததாலேயே ஒருவர் கெட்டவர் ஆகிவிடுவதில்லை. பார்க்க வேண்டியது, அது வார்த்தையில் எந்த இடத்தில் வழிகிறது என்பதைத்தான்.

எங்கே வழிகிறது?

அன்று அந்தக் கிளையில் சொல்லப்படக்கூடிய வாழ்த்துகளைக் கொஞ்சம் கேட்டுப் பார்க்கலாம்.

“உனக்கு நேரம் நல்லா இருக்கும்மா. எனக்குத்தான் ஏழரை.”

“இந்த வருஷம் கொஸ்டின் பேப்பர் ஈசியாமே?”

“நான் சொல்லிக்குடுத்த பொண்ணு. கவுன்டர்ல உக்கார வச்சதே நான்தான்.”

“இனிமே மேடம்னுதான் கூப்பிடணும்போல!”

“ரொம்ப சந்தோஷம். ஆனா டிரான்ஸ்ஃபர் எங்க தூக்கிப் போடுவாங்களோ? குழந்தை வேற சின்னது.”

எல்லாமே சிரித்துக்கொண்டு சொல்லப்படுபவை. யாரும் திட்டவில்லை. ஆனாலும் கேட்டவர் அன்று ராத்திரி வீட்டில் இதைத்தான் சொல்லிக்காட்டுவார். காரணத்தைத் தேடினால் மூன்று ஓட்டைகள் தெரிகின்றன.

முதல் ஓட்டை, வெற்றிக்கான காரணத்தை அவரிடமிருந்து பிடுங்குவது. நேரம், அதிர்ஷ்டம், சுலபமான கேள்வித்தாள், மேனேஜர் போட்ட ரிப்போர்ட், ‘லேடீஸ்னா சீக்கிரம் குடுத்துடுவாங்க’ எல்லாம் இந்த வகை. சொல்கிறவர் வாழ்த்துவதாக நினைக்கிறார். கேட்கிறவர் காதில் “இது நீ சம்பாதித்தது இல்லை” என்று விழுகிறது.

இரண்டாவது ஓட்டை, பேச்சைத் தன் பக்கம் திருப்புவது. ‘எனக்குத்தான் ஏழரை’யும் ‘நான் சொல்லிக்குடுத்த பொண்ணு’வும் எதிரெதிராகத் தெரிந்தாலும் செய்யும் வேலை ஒன்றுதான். ஒன்று கேட்பவரிடம் இரக்கம் கேட்கிறது, இன்னொன்று பங்கு கேட்கிறது. ‘எங்களையெல்லாம் மறந்துடாதீங்க’ என்பதும் இதே வீட்டுப் பிள்ளைதான். எதுவும் மாறுவதற்கு முன்பே, மாறிவிடுவாய் என்று குற்றம் சாட்டுகிறது. முதல் வார்த்தையாக ‘எப்ப ட்ரீட்?’ என்று கேட்பதும் அப்படியே. பால்கோவா டப்பா எப்படியும் மறுநாள் வரத்தான் போகிறது. கேட்டு வாங்க அவசியமில்லை.

மூன்றாவது ஓட்டை ‘ஆனா’. பாதி வாக்கியம் வரை பால், அதற்குப் பிறகு ஒரு துளி மோர். டிரான்ஸ்ஃபர் கவலை உண்மையான கவலைதான். அந்தப் பெண் அதைப் பற்றிப் பத்து ராத்திரி யோசித்திருப்பார். செய்தி வந்த பத்தாவது நிமிஷத்தில் அதை இன்னொருவர் எடுத்துக் கையில் கொடுக்க வேண்டியதில்லை.

நான்கு விதமான காது

நல்ல செய்தி சொல்பவரிடம் மற்றவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஷெல்லி கேபிள் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து 2004-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்தது பெரும்பாலும் காதலர்களையும் தம்பதிகளையும். ஆனாலும் அவர்கள் பிரித்த நான்கு வகைகளையும் எந்த ஆபீசிலும் அடையாளம் காணலாம்.

சிஸ்டத்திலிருந்து தலையைத் தூக்காமல் “ஓ, நல்லது” என்பவர் ஒருவர். கெட்ட எண்ணம் இல்லை, உயிரும் இல்லை. “அப்படியா? சரி, அந்த நகைக்கடன் ஃபைல் எங்கே?” என்று வேறு விஷயத்துக்குத் தாவுபவர் இன்னொருவர். “ஐயையோ, வேலை பின்னிடுமே” என்று செய்தியில் ஓட்டை கண்டுபிடிப்பவர் மூன்றாமவர். கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைப் பார்த்து, “எப்போ தெரிஞ்சுது? யார் முதல்ல சொன்னாங்க?” என்று கேட்பவர் நான்காமவர். உறவுக்கு நல்லது செய்வது இந்த நான்காவது வகைதான் என்று அந்த ஆய்வு காட்டியது.

நான்காமவர் செய்வதைக் கவனித்தால், அவர் பெரிதாகப் புகழவே இல்லை என்பது தெரியும். அந்தச் சந்தோஷத்தை இன்னொரு முறை சொல்லிப் பார்க்க இடம் கொடுக்கிறார். “சூப்பர், கலக்கிட்டீங்க” என்று பத்து தடவை சொல்வதைவிட இது நெஞ்சில் இறங்கும்.

கண்ணால் பார்த்த ஒன்று

கேஷ் கவுன்டர்காரரிடம் இப்போது ஒரு பெரிய சொத்து இருக்கிறது. குரூப்பில் பூங்கொத்து போட்ட ரீஜனல் ஆபீஸ் ஆட்கள் யாரிடமும் இல்லாத சொத்து. ஒன்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அவர் சொல்ல வேண்டியது, தான் கண்ணால் பார்த்த ஒரே ஒரு விஷயம்தான்.

நவம்பர் மாதம் வங்கியில் பென்ஷன்காரர்கள் கூட்டம் தெரிந்ததுதான். உயிரோடு இருப்பதற்கான சான்று கொடுக்க வயதானவர்கள் வருவார்கள். மெஷினில் விரல் வைக்க வேண்டும். ஆயுள் முழுக்க வேலை செய்து தேய்ந்த விரலில் பலருக்கு ரேகை விழாது. மெஷின் மறுத்துக்கொண்டே இருக்கும், வரிசை நீளும், பெரியவர்களுக்குக் கூச்சம் வந்துவிடும். அந்தப் பெண் ஈரத்துணி ஒன்றைக் கையோடு வைத்திருப்பார். விரலைத் துடைத்து, ஒன்று விழவில்லை என்றால் அடுத்த விரல், அதுவும் இல்லை என்றால் அந்தக் கை என்று பொறுமையாகப் பார்ப்பார். எதுவும் நடக்கவில்லை என்றால் காகித ஃபாரத்தை நிரப்பி வாங்கிக்கொள்வார். யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

அவர் வாழ்த்து இப்படி இருக்கலாம்:

“லிஸ்ட் பார்த்தேன்மா. ரொம்ப சந்தோஷம். போன நவம்பர்ல ஒரு டீச்சரம்மாவுக்கு ரேகையே விழலையே, ஞாபகம் இருக்கா? அவங்க வீட்டுக்குக் கிளம்பிட்டாங்க. நீ சேர் போட்டு உக்கார வச்சு, பத்து விரலையும் ஒவ்வொண்ணா வச்சுப் பார்த்தே. கியூவுல கத்தினாங்க, நீ பதறலை. அவங்க உன் கையைப் பிடிச்சுக்கிட்டுப் போனாங்க. வீட்ல சொல்லிட்டியா? அம்மா என்ன சொன்னாங்க?”

இதில் புகழ்ச்சி வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. திறமைசாலி, உழைப்பாளி, வங்கிக்கே பெருமை எதுவும் இல்லை. ஒரு நாள், ஒரு செயல், அதனால் நன்மை அடைந்த ஒருவர், கடைசியில் ஒரு கேள்வி. அவ்வளவுதான். பொறாமை நுழைவதற்கு இதில் இடமே இல்லாததற்குக் காரணம், வாக்கியம் முழுக்க அந்தப் பெண் செய்ததைப் பற்றியே இருப்பது. சொல்பவர் பார்த்த சாட்சியாக மட்டும் நிற்கிறார்.

தாராளமாகப் புகழ்ந்துவிட்டால் பத்திரம் என்று சிலர் நினைப்பதுண்டு. “நீ இல்லாட்டி இந்த பிராஞ்சே இல்லை” என்பார்கள். கேட்பவருக்கு அது உண்மையில்லை என்று தெரியும். எதையோ மறைக்கத்தான் இவ்வளவு சத்தம் என்றும் தோன்றிவிடும்.

சொல்வதற்கு முன்பு சரிபார்க்க ஒரு எளிய வழி உண்டு. வாழ்த்தில் இருக்கும் பெயரை மாற்றி இன்னொருவருக்கு அனுப்ப முடியுமா என்று பார்ப்பது. முடியும் என்றால் அது பொது வாழ்த்து. டீச்சரம்மாவின் விரலை வேறு யாருக்கும் அனுப்ப முடியாது.

‘அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்’

நம் ஊரில் வாழ்த்து ஒரு வாக்கியத்தோடு முடிவதில்லை. நல்லது நடந்தால் அதைச் சின்னதாக்கிச் சொல்வது நம் பழக்கம். தற்பெருமை என்று நினைப்பார்களோ என்ற கூச்சம் பாதி, கண் பட்டுவிடுமோ என்ற பயம் பாதி. ஆகவே பதில் இப்படித்தான் வரும்: “அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், ஏதோ லக்.”

இங்கேதான் நல்ல வாழ்த்தும் சரிந்துவிடுகிறது. “ஆமாம்மா, எல்லாத்துக்கும் ஒரு நேரம் வேணும்ல” என்று மரியாதைக்கு ஒத்துக்கொண்டால், கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஒரே ஒரு முறை மெதுவாக மறுக்க வேண்டும். “லக் இல்லம்மா. சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் அரட்டை அடிக்கும்போது நீ ஜேஏஐஐபி புத்தகம் வச்சிருந்ததை நான் பார்த்திருக்கேன்.” அதற்கு மேல் விவாதம் வேண்டாம். மறுபடி மறுபடி வற்புறுத்தினால் அவருக்குச் சங்கடம்.

அதைவிடக் கஷ்டமான பதில் ஒன்று இருக்கிறது. “உங்களுக்குத்தான் சார் முதல்ல கிடைச்சிருக்கணும்.” அந்தப் பெண் மனசார இதைச் சொல்லலாம். அவருக்கும் உறுத்தல் இருக்கும்.

“எனக்கென்னம்மா, நான் சும்மாதான் எழுதினேன்” என்று பதில் சொல்லத் தோன்றும். பெருந்தன்மை போல இருக்கும். ஆனால் 26 வருஷ சர்வீசில் யாரும் சும்மா எழுதுவதில்லை என்று இருவருக்கும் தெரியும். போதாததற்கு, அவர் உயிரைக் கொடுத்து எழுதிய தேர்வை அது சும்மா ஆக்கிவிடுகிறது. “ஆமா, நியாயப்படி பார்த்தா...” என்று ஆரம்பித்தால் இன்னும் மோசம்.

உண்மையைச் சின்னதாகச் சொல்லி மூடிவிடுவதே நல்லது. “எனக்கு வருத்தம் இருக்குதான்மா. அது வேற கணக்கு. அதை நான் பார்த்துக்குறேன். நீ இன்னிக்குச் சந்தோஷமா வீட்டுக்குப் போ.” வருத்தத்தை ஒப்புக்கொள்வது பொறாமை ஆகாது. இரண்டையும் தனித்தனியாக வைத்துவிட்டால், அந்தப் பெண்ணும் குற்ற உணர்ச்சி இல்லாமல் ஸ்வீட் டப்பாவைத் திறக்கலாம்.

எப்போது, எதில்?

பெயர் இல்லை என்று தெரிந்த அடுத்த நிமிஷமே ஓடிப்போய் வாழ்த்த வேண்டும் என்று கட்டாயமில்லை. முகம் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், அன்று ராத்திரி தூங்கி எழுந்தும் வரலாம். மறுநாள் வேலை முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும். மூன்று நாள் தாண்டினால், தாமதமே ஒரு வாக்கியமாகப் படிக்கப்படும்.

குரூப்பில் மட்டும் ஒரு கைதட்டலைப் போட்டுவிட்டுப் பக்கத்து சீட்டில் மௌனமாக இருப்பதும் அப்படித்தான். பக்கத்தில் இருப்பவருக்கு நேரில் சொல்ல வேண்டும், குரூப்பில் அதற்குப் பிறகு போடலாம். வேறு ஊர் கிளையில் இருப்பவர் என்றால் ஃபார்வர்டு படம் வேண்டாம். தனியாக நான்கு வரி போதும்:

“லிஸ்ட்ல உங்க பேர் பார்த்தேன். 2019-ல ஒரு சாயங்காலம் கேஷ் டேலி ஆகாம நான் தவிச்சப்போ, பஸ்ஸை விட்டுட்டு ராத்திரி 9 மணி வரைக்கும் கூட உக்காந்து எண்ணிக் குடுத்தீங்க. ஆபீசர் ஆனீங்கன்னதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. மனமார்ந்த வாழ்த்துகள்.”

இதில் ‘நான்’ வருகிறது. ஆனால் அது உதவி வாங்கிய ‘நான்’. அதனால் உறுத்தவில்லை.

‘நீ’யா, ‘நீங்க’ளா?

தமிழில் வாழ்த்தோடு ஒட்டிக்கொண்டு வரும் சிக்கல் இது. நேற்று வரை ‘வாம்மா, போம்மா’ என்று கூப்பிட்ட பெண் நாளைக்கு இதே கிளைக்கோ பக்கத்துக் கிளைக்கோ ஆபீசராக வரலாம். ‘இனிமே மேடம்னு கூப்பிடணும்போல’ என்ற கிண்டல் இந்தச் சங்கடத்திலிருந்துதான் பிறக்கிறது. கிண்டல் செய்தால் அந்தப் பெண் “ஐயோ, அப்படியெல்லாம் வேண்டாம் சார்” என்று கெஞ்ச வேண்டிய நிலை வரும்.

இதை அறிவிக்காமலே செய்துவிடலாம். வாடிக்கையாளர்கள் முன்னால் ‘மேடம், இதுல ஒரு கையெழுத்து’. சாப்பாட்டு மேஜையில் பழையபடி ‘சாப்டியாம்மா?’. யாரும் எதையும் விளக்க வேண்டாம். இரண்டே நாளில் இருவருக்கும் பழகிவிடும். ‘வாடா, போடா’ என்று பேசிய நண்பர்களுக்கும் இதேதான். வெளியாட்கள் முன்னால் அந்த ‘டா’வை விழுங்கிக்கொள்வதே ஒரு வாழ்த்து.

மனசு வரவில்லை என்றால்?

சில பதவி உயர்வுகள் நியாயமாகத் தெரியாது. அப்போது பொய்யாகப் புகழ வேண்டாம். அவரிடம் கண்ணால் பார்த்த நல்லது ஏதாவது ஒன்று இருந்தால் அதை மட்டும் சொல்லலாம். ஒன்றுமே தோன்றவில்லை என்றால் “வாழ்த்துகள். புது வேலை நல்லபடியா அமையட்டும்” என்று சொல்லிக் கை கொடுத்தால் போதும். சுருக்கமான வாழ்த்தில் தப்பில்லை. தேர்வு முறையில் குறை இருந்தால் அதைக் கேட்க நிர்வாகம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது. தேறியவர் அதற்கான ஆள் இல்லை.

நேரில் அழகாக வாழ்த்திவிட்டு டீக்கடையில் வேறு மாதிரி பேசுவதும் உதவாது. ஏழு பேர் இருக்கும் கிளையில் ஒரு பேச்சு சுற்றி வர ஒரு டீ நேரம் போதும். அப்போது முதலில் சொன்ன நல்ல வாக்கியமும் சேர்ந்து பொய்யாகிவிடும்.

கடைசியாக டிரான்ஸ்ஃபர் விஷயம். முதல் நாள் ‘ஆனா’வோடு வந்தால் அது குத்தல். சில நாள் கழித்து ஆர்டர் வந்து, ஊர் ஹூப்ளி என்று தெரிந்த பிறகு, “எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் அங்க மூணு வருஷம் இருந்தார்மா. வீடு எந்தப் பக்கம் பார்க்கலாம், ஸ்கூல் எப்படின்னு கேட்டுச் சொல்லட்டுமா?” என்று கேட்டால் அதே பேச்சு உதவியாகிவிடும். நம்பரை வாங்கிக் கொடுத்து, அவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியும் வைத்துவிட்டால், புது ஊரில் வீடு தேடும் முதல் வாரம் அந்தப் பெண்ணுக்குப் பாதி லேசாகும்.